நான் நடத்தி வருகிற தர்மம்

தர்மம் என்ற சொல்லின் மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. திண்டிவனத்தில் முப்பத்தொரு வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறவன் நான். அந்தச் சொல் படும் பாட்டை என்னைப்போலப் பார்த்தவன் இருக்க மாட்டான். பிக்பாக்கெட் அடித்தவனை பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் சேர்ந்து வெளுத்தால் அது தர்ம அடி. காசு வாங்காமல் ஊசி போட்டால் தர்மாஸ்பத்திரி. மலைக்கோயிலில் டிக்கெட் எடுக்காமல் மூன்று மணி நேரம் நின்றால் தர்ம தரிசனம். இரண்டு பக்கமும் போக முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தால் தர்மசங்கடம். ஒரு கட்சிக்காரன் வந்து உட்கார்ந்ததும் “தர்மம் ஜெயிக்கும் சார்” என்றால் அவனிடம் பத்திரம் இல்லை என்று எனக்குப் புரிந்துவிடும்.

குமரேசன் அப்படிச் சொல்லவில்லை. அவன் பத்திரத்தோடுதான் வந்தான். பத்திரம்தான் அவனுக்கு வினையாகிவிட்டது.

கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் அவன் ஊர். ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு. இரண்டு வருஷம் முன்பு லாரி இடித்ததில் இடுப்பு எலும்பு நொறுங்கி, தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். ஊன்றுகோல் இல்லாமல் பத்தடி நடக்க முடியாது. அப்பா துரைக்கண்ணு போன வருஷம் தவறிவிட்டார். மனைவி கிருஷ்ணவேணி விடியற்காலையில் செருப்புக் கம்பெனி வேனில் ஏறிப் போய் இருட்டினபிறகு வருகிறாள். நிலத்தை விற்றுத் திண்டிவனத்தில் மாட்டுத் தீவனக் கடை போடலாம் என்று குமரேசன் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தான். உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடிய வேலை அவனுக்கு அது ஒன்றுதான்.

பதிவு அலுவலகத்தில் பத்திரத்தைத் திருப்பிவிட்டார்கள். வில்லங்கச் சான்றில் 1987-ஆம் வருஷத்துத் தர்ம சாசனம் ஒன்று நின்றது. அறநிலையத் துறையின் ஆட்சேபணைக் கடிதமும் அதோடு சேர்ந்திருந்தது. சாசனம் எழுதியவர் குமரேசனின் தாத்தா விருத்தாசலம். எங்கள் வக்கீல் காந்திமதி அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைச் சத்தமாகப் படித்தார்.

“மேற்படி சொத்தின் வருமானத்தைக் கொண்டு நான் நாளது வரை நடத்தி வருகிற தர்மத்தை எனக்குப் பின் என் வாரிசுகள் யாதொரு குந்தகமும் இன்றி நடத்தி வர வேண்டியது. மேற்படி சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ யாருக்கும் பாத்தியதை இல்லை.”

“என்னா தர்மம்னு எழுதலியே?” என்றார் வக்கீலம்மா.

“அதாங்க மேடம். ஒண்ணுமே எழுதல” என்றான் குமரேசன்.

“அதுதான்யா உனக்கு நல்லது. கேட்டுக்கோ. கோயிலுக்கு வெளக்கேத்தன்னு எழுதியிருந்தா செல்லும். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குச் சோறுன்னு எழுதியிருந்தா செல்லும். வெறுமனே தர்மத்துக்குன்னு எழுதி வச்சா செல்லாது. நூறு வருஷத்துக்கு மேல கோர்ட்டு இதையேதான் சொல்லிக்கினு வருது.”

“தர்மம் செல்லாதுங்களா மேடம்?” அவன் குரலில் பயமே தெரிந்தது.

“தர்மம் செல்லும்யா. கொளம் வெட்டுறது தர்மம். பெத்த தாயிக்குக் கஞ்சி ஊத்துறது தர்மம். மாட்டுக்குப் புல்லு போடுறது, சாதி கட்டுப்பாட்டக் காப்பாத்துறது, பொய் சொல்லாம இருக்கிறது, எல்லாத்தையும் தர்மம்னுதானே சொல்றோம்? இதுல எதை நீ செய்யல, எதைச் செய்யின்னு ஜட்ஜு எப்படி உத்தரவு போடுவாரு? கோர்ட்டால நடத்தி வைக்க முடியாத எழுத்து வெத்து எழுத்து. அப்போ நெலம் வாரிசுக்குத் திரும்பிடும்.”

“அப்போ துறைக்காரங்க ஏன் பிடிச்சிக்கினு இருக்காங்க?”

“உங்க நெலத்துல வருஷா வருஷம் பங்குனியில தண்ணிப் பந்தல் வைக்கிறீங்க இல்ல? அது மயிலம் பங்குனி உத்திரத்துக்குப் போற சனங்களுக்காகன்னு அவங்க சொல்றாங்க. இந்துப் பண்டிகையோட சேர்ந்த பொது தர்மம்னா அது சமய தர்மம், அவங்க சட்டத்துக்குள்ள வந்துடும். ‘நான் நாளது வரை நடத்தி வருகிற’ன்னு உங்க தாத்தா ஒரு வார்த்தை விட்டிருக்காரு பாரு, அதுலதான் பிடி. அவரு நடத்திக்கினு வந்தது இன்னதுன்னு நிரூபிச்சா தர்மத்துக்கு அடையாளம் வந்துடும். நிரூபிக்க முடியலன்னா வெத்து. தாத்தா காலத்து ஆளு வீட்டுல யார் இருக்கா?”

“எங்கம்மா மட்டுந்தாங்க.”

“அவங்க ஒரு வரி சொன்னா போதும். மாமனார் என்னா தர்மம் பண்ணாருன்னு எனக்குத் தெரியாது. வர்றவங்க போறவங்களுக்கு ஏதோ குடுப்பாரு. அவ்ளோதான்.”

அந்த ஒரு வரியை வாங்கி வரத்தான் பங்குனி முதல் வாரத்தில் நான் அவர்கள் ஊருக்குப் போனேன்.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை பிடுங்கும் சமயம். வழி நெடுக மனைக்குக் கல் நட்ட நிலங்கள், நடுவில் இவர்களுடைய ஒன்றரை ஏக்கர் மட்டும் கொடி காய்ந்து கிடந்தது. ஆறேழு பெண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குந்தியபடி பிடுங்கினார்கள். கெட்டி மண் என்பதால் களைக்கொத்தியால் நெம்பி எடுத்து, உதறி, காயை ஆய்ந்து முறத்தில் போட வேண்டும். சாலையோரம் நாலு கால் நட்டுக் கீற்று வேய்ந்த பந்தல், அதன் அடியில் மணலில் புதைத்த மூன்று பானைகள்.

குமரேசனின் அம்மா அம்சா பெண்களோடு உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார். ஐம்பத்தேழு வயது, ஒடிசலான உடம்பு. என்னைக் கண்டதும் எழுந்து கையை முந்தானையில் துடைத்தார்.

“வாங்க சார். வெயில்ல வந்திருக்கீங்க. கூழு குடிக்கிறீங்களா?”

குடித்தேன். கேப்பைக் கூழில் மோர் விட்டு, வெங்காயமும் மோர் மிளகாயும் தொட்டுக்கொள்ள வைத்தார். பந்தல் பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீரும் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

“நீங்க குடிக்கலியாம்மா?”

களத்தில் இருந்த ஒரு பெண் சிரித்தாள். “அது குடிக்காதுங்க. பங்குனி மாசம் பொழுது சாயுற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாது. முருகனுக்கு வேண்டுதலு.”

“பேசாம காய ஆயிடி” என்றார் அம்சா.

சாட்சியத்தைப் பற்றிப் பேச அவரைக் கிணற்றடிப் பக்கம் அழைத்துப் போனேன். பழைய பெரிய கிணறு, உள்ளே கருங்கல் படிகள் சுற்றி இறங்குகின்றன. தண்ணீர் இருபது படிக்குக் கீழே கிடந்தது. நான் எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினேன். அந்த ஒரு வரிக்கு வந்ததும் நிறுத்தி, “இது சரிதானேம்மா?” என்றேன்.

அவர் கிணற்றையே பார்த்தார்.

“சார், உங்களுக்குக் கேக்குதா?”

“என்னாது?”

“ஒண்ணுமில்ல. உச்சி வெயில்ல யாருக்கும் கேக்காது. எனக்கு மட்டுந்தான் கேக்கும்.”

முப்பத்தொரு வருஷத்தில் கிறுக்குப் பிடித்த கட்சிக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். இந்த அம்மாள் அப்படியில்லை. அதனால்தான் “பந்தல் யாருக்கும்மா வச்சாரு உங்க மாமனார்?” என்று நானே கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. குமாஸ்தாவுக்குத் தெரியாமல் இருப்பதுதான் நல்லது.

அவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்தார். துணி மடிப்பதுபோல நிதானமாகச் சொன்னார்.

“எனக்குக் கல்யாணம் ஆயி நாலாவது மாசம் சார். பதினெட்டு வயசு. இதே பங்குனி, இதே மல்லாட்டை. காலனியிலேந்து மண்ணாங்கட்டின்னு ஒருத்தர் வேலைக்கு வருவாரு. எங்கப்பா வயசு. அந்தக் காலத்துல காலனி ஆளுங்க கெணத்துல எறங்கக் கூடாது. நாங்கதான் ஒசரத்துலேந்து கையில ஊத்தணும். அதுவும் பொம்பளைங்க ஊத்தக் கூடாது, புதுப் பொண்ணு ஊத்தவே கூடாதுன்னு மாமியா கண்டிசனா சொல்லியிருந்தாங்க. நம்ம வீட்டு தர்மம் அதுன்னு சொன்னாங்க.”

“ம்.”

“மத்த ஆளுங்க சாப்பிடப் போயிட்டாங்க. இவரு மட்டும் ஒரு பாத்திய முடிச்சிட்டுப் போலாம்னு நின்னாரு. நான் அடுத்த கழனியில இருந்த மாமனாருக்குக் கூழு எடுத்துக்கினு இந்த வழியா வந்தேன். மோட்டார் கொட்டாயில தண்ணிக் கொடம் ரொம்பி இருக்குது. என்னைப் பாத்து, சின்னம்மா, ஒரு வாயி தண்ணி ஊத்தும்மா, தல சுத்துதுன்னாரு. நான் இரு, மாமா வந்து ஊத்துவாருன்னேன். எங்கப்பா வயசு ஆள இருன்னு சொன்னேன் சார். சொல்லிட்டுப் போயிட்டேன்.”

மாமனார் சாப்பிட்டுவிட்டு வர ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. மண்ணாங்கட்டி இந்தக் கிணற்று மேட்டில், முதல் படியில் ஒரு காலை வைத்தபடி கிடந்தாராம். அவரைத் தூக்கி வந்து வரப்பில் கிடத்திய பிறகுதான் மாமனார் ஆள் கூப்பிட்டாராம்.

“எறங்கியிருக்கலாம் சார்” என்றார் அம்சா. “சுத்துமுத்தும் ஒரு ஆளு கெடையாது. எறங்கி வேணும்ங்கிறத அள்ளிக் குடிச்சிட்டு ஏறியிருந்தா யாருக்கு இன்னா தெரியும்? ஒரு கால வச்சாரு. மறு கால வக்கல. எங்க தர்மத்த எங்களவிட ஒழுங்கா அவருதான் காப்பாத்தினாரு, பாவி மனுசன்.”

வெயில் அடித்துச் செத்தார் என்று ஊர் நம்பியது. அவர் குடும்பமும் நம்பியது. அம்சா மாமனாரிடம் மட்டும் அழுதுகொண்டே உண்மையைச் சொல்லியிருக்கிறார். விருத்தாசலம், “இத யார்கிட்டயும் சொல்லாத. இனிமே இது என் தர்மம்” என்றாராம். அந்த மாசமே பந்தல் போட்டார். மறு வருஷம் சாசனம் எழுதினார். என்ன தர்மம் என்று எழுதச் சொல்லிப் பத்திரம் எழுதுகிறவர் கேட்டபோது, “நான் நடத்துறதுன்னு எழுது, போதும்” என்றிருக்கிறார். இன்னதென்று எழுதினால் எதற்கு என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் பதினெட்டு வயது மருமகள் பெயர் வரும். அவளை மறைக்கத்தான் அந்த மனுஷன் வெறும் தர்மம் என்று எழுதி நிறுத்திக்கொண்டார்.

ஒரு வழக்கத்தையும் அவர் ஏற்படுத்தினார். வருஷா வருஷம் பந்தல் போடும் நாளில், மண்ணாங்கட்டியின் மகன் சவுரிராயன்தான் கிணற்றில் இறங்கி முதல் குடம் மொண்டு வர வேண்டும். அந்தக் குடத்திலிருந்து அவன் கையால் ஊற்ற, இந்த வீட்டு ஆட்கள் முதலில் குடிக்க வேண்டும். அதன் பிறகுதான் ஊருக்கு. அந்தக் காலத்தில் விருத்தாசலத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொந்த சாதிக்காரர்கள் இரண்டு வருஷம் பேசாமல் இருந்தார்கள். பிறகு மயிலம் முருகன் கனவில் வந்து சொன்னதாக யாரோ கதை கட்ட, எல்லாருக்கும் சமாதானம் ஆகிவிட்டது. பங்குனி உத்திரத்துக்கு நடந்து போகிற சனமும் அங்கே குடித்ததால் அந்தக் கதை நிலைத்துவிட்டது.

“குமரேசனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. எம் பையன் கஷ்டம் எனக்குத் தெரியும் சார். கக்கூசுக்குப் போவ அவன் படுற பாட்ட நான் பாக்கறேன். நீங்க எழுதினத எழுதினாப்லயே வச்சிக்குங்க. நான் கையெழுத்துப் போடறேன்.”

போட்டார். நான் வாங்கிக்கொண்டு வந்தேன். பொய்யென்று தெரிந்தே வாங்கினேன். வக்கீலம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. எனக்கு எது தர்மம் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் குமாஸ்தா தர்மம் என்று ஏதாவது உளறியிருப்பேன்.

சித்திரை பத்தாம் தேதி விழுப்புரத்தில் அறநிலையத் துறை இணை ஆணையர் முன்னால் விசாரணை. கலெக்டர் ஆபீஸ் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. துறையின் தரப்பில் ஒரே ஒரு சாட்சி, சவுரிராயன். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, ஐம்பதை நெருங்குகிற ஆள், கொத்தனார் வேலை. எங்களைக் கண்டதும் எழுந்து கும்பிட்டான்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா” என்றான் அம்சாவிடம். “நோட்டீசு குடுத்துட்டாங்க, வந்துட்டேன். பந்தல் யாருக்குன்னு கேட்டாங்க, மயிலம் போற சனத்துக்குன்னு சொன்னேன். எனக்குத் தெரிஞ்சது அதான். நம்ம நெலத்த முழுங்கணும்னு வரல.”

“தெரியும் சவுரி. உக்காரு.”

“இந்த வருசம்கூடக் கேட்டேன் எங்க மாதா கோயில் சாமியார. கோயில் பந்தலுக்கு மொதக் கொடம் தூக்கலாமான்னு. தவக்காலத்துல தாகத்துக்குத் தண்ணி குடுக்கறது தர்மந்தான், தூக்குடான்னாரு. எங்கப்பா மேல பெரியவரு வச்சிருந்த பிரியத்துக்கு எனக்கு அந்த மரியாத குடுத்தாருன்னு எங்கம்மா சாவுற வரைக்கும் சொல்லிக்கினே இருந்துது.”

அம்சா தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு சாட்சி பேசும்போது அடுத்த சாட்சி வெளியே நிற்க வேண்டும். முறை அதுதான். ஆனால் வெளியே நிழல் என்று ஒரு சாண் இடம் கிடையாது. இணை ஆணையர் நல்ல மனுஷன், “பரவால்ல, உள்ளயே உக்காருங்க, வெயில்ல நிக்காதீங்க” என்று சொல்லிவிட்டார். வக்கீலம்மா ஆட்சேபிக்க வாயெடுத்து, வெளியே பார்த்துவிட்டு விட்டுவிட்டார். சவுரிராயன் மின்விசிறிக்கு அடியில் பெஞ்சில் உட்கார்ந்தான்.

அம்சாவின் பிரமாண வாக்குமூலம் பதிவானது. துறை வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். வயசானவர், சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்ட அவசரம்.

“பங்குனி மாசத்துல உங்க நிலத்துல தண்ணீர்ப் பந்தல் வைப்பது வழக்கம்தானே?”

“ஆமாங்க.”

“மயிலம் போகும் பக்தர்களுக்காக உங்க மாமனார் ஆரம்பித்ததுன்னு சொல்றேன். சரிதானே?”

தெரியாது என்று சொல்ல வேண்டும். குமரேசன் ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தான். நான் என் காகிதக்கட்டைப் பார்த்தேன். அம்சா பெஞ்சில் இருந்த சவுரிராயனைத் திரும்பிப் பார்த்தார்.

“இல்லைங்க” என்றார். “பக்தருங்களுக்கு இல்ல. மண்ணாங்கட்டிக்கு.”

“யாரு?”

“இவரோட அப்பா. எங்க நெலத்துல தண்ணி இல்லாம செத்தாரு. தண்ணி இருந்துது. என்னைக் கேட்டாரு. நான் ஊத்தல.”

வக்கீலம்மா, “ஐயா, சாட்சிக்கு உடம்பு சரியில்ல” என்று எழுந்தார். “உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க மேடம்” என்றார் அம்சா. பிறகு யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். கூழ், மோட்டார் கொட்டகை, குடம், முதல் படி, மாமனார் சொன்னது, சாசனம், முதல் குடம் எதற்காக என்பது வரை. இணை ஆணையர் இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்தார். கடைசியில் எழுத்தருக்குச் சொல்ல ஆரம்பித்தார். “மேற்படி தர்மம் வயலில் வேலை செய்பவர்களுக்கும் வழியில் போகிறவர்களுக்கும் சாதி வித்தியாசமின்றிக் குடிதண்ணீர் வழங்குவதற்காக ஏற்படுத்தப்பட்டது என்றும், அது எந்தத் திருவிழாவோடும் தொடர்புடையதல்ல என்றும் சாட்சி கூறுகிறார்.” தட்டச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சவுரிராயனை விசாரிக்க வேண்டியதில்லை என்று துறை வக்கீலே சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் சுவர் ஓரமாக நின்று வக்கீலம்மா குமரேசனுக்கு விளக்கினார். அவருக்குக் கோபம் போய்விட்டது, அசதிதான் தெரிந்தது.

“துறை தோத்துரும்யா. இது சமய தர்மம் இல்லன்னு ஆயிடுச்சி. ஆனா நாமளும் ஜெயிக்க மாட்டோம். இன்ன தர்மம், இன்னாருக்குன்னு உங்கம்மாவே அடையாளம் காட்டிட்டாங்க. இனிமே அது வெத்து எழுத்து இல்ல. சாசனம் நிக்கும். தண்ணி ஊத்துறதுக்குன்னு கட்டுப்பட்ட நெலம், எந்த ரிஜிஸ்டரரும் விக்கிறதுக்கு எழுத மாட்டாரு.”

குமரேசன் அம்மாவைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல யம்மா” என்றான். “நாப்பது வருசமா ஒத்தையில வச்சிக்கினு…” என்று ஆரம்பித்து, முடிக்காமல் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் போனான். அவனுக்கு இனிக் கடை இல்லை. விற்க முடியாத நிலமும், கால் ஊன்ற முடியாத இடுப்பும்தான் மிச்சம். இதைப் போய் தர்மம் ஜெயித்தது என்று எவனாவது சொன்னால் அறைந்துவிடுவேன்.

சவுரிராயன் அறையை விட்டு வெளியே வர நேரமாயிற்று. வந்தவன் அம்சாவுக்கு எதிரே நின்றான். முகத்தில் எதுவும் தெரியவில்லை. அம்சா கையெடுத்துக் கும்பிட்டார். காலில் விழக் குனிந்தவரை அவன் தடுக்கவில்லை, தொடவும் இல்லை, இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

“முப்பத்தெட்டு தடவ மொதக் கொடம் மொண்டிருக்கேன்” என்றான். “ஒவ்வொரு தடவையும் அந்த மொதப் படியில கால வச்சித்தான் எறங்குனேன். எங்கப்பா கெடந்த எடம்னு எனக்கு யாரும் சொல்லல.”

“சவுரி…”

“ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா.” அவன் குரல் ஒரு குழந்தையின் குரல்போல மெலிந்துவிட்டது. “எத்தினி தரம் கேட்டாரு?”

உள்ளே அவ்வளவு சொன்னவர், என்னிடமும் அதிகாரியிடமும் இதை மட்டும் சொல்லவில்லை. வாக்குமூலத்தில் ஒரு முறை கேட்டதாகத்தான் பதிவாகியிருக்கிறது. அம்சா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

“மூணு தரம்” என்றார். “மூணாவது தரம் சின்னம்மான்னு கூப்புடல. தாயேன்னு கூப்ட்டாரு.”

சவுரிராயன் தலையை ஆட்டினான். தோளில் இருந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, வெயிலில் இறங்கி, எங்கள் யாருடனும் பஸ் ஏறாமல், நடந்தே போனான்.